விலகும் நாடும் நம் பனியனும்

2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். நான் அப்போது பள்ளி மாணவன். என் மாமா திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்பவர். தூத்துக்குடியில் கப்பலேறிய அவருடைய சரக்கு ஜனவரியில்தான் இங்கிலாந்து சேரும். “கப்பல் போய்ச் சேருவதற்குள் அந்த நாட்டுச் சட்டமே மாறிவிடுகிறதே, சுங்கம் எவ்வளவோ!” என்று அவர் கவலைப்பட்டார். அன்று புரியாத அக்கவலையின் பொருள், கல்லூரியில் சர்வதேசச் சட்டம் பயிலும்போதுதான் எனக்கு விளங்கிற்று.

ஓர் ஒப்பந்தத்திலிருந்து ஒரு நாடு நினைத்த மாத்திரத்தில் வெளியேறிவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 50ஆவது பிரிவு அதற்கு வழி வகுத்துள்ளது. அதன்படி பிரிட்டன் 2017 மார்ச் 29ஆம் நாள் அறிவிப்புக் கொடுத்தது. அறிவிப்புக் கொடுத்தாலும் உறுப்பினர் என்ற நிலை உடனே போய்விடாது. இரண்டாண்டு தவணை உண்டு. அத்தவணை மும்முறை நீட்டிக்கப்பட்டு, 2020 ஜனவரி 31ஆம் நாள் பிரிட்டன் விலகியது. அதன் பின்னும் டிசம்பர் 31 வரை இடைக்காலமாகப் பழைய சட்டங்களே நீடித்தன.

இதில் திருப்பூருக்கு என்ன? ஐரோப்பிய ஒன்றியம் வளரும் நாடுகளுக்குத் தன் சட்டத்தால் சுங்கச் சலுகை அளித்து வந்தது. ஆயிரம் பவுன் மதிப்புள்ள பனியனுக்கு 12 விழுக்காடு வீதம் 120 பவுன் சுங்கம். சலுகையில் அது 9.6 விழுக்காடாகி, 96 பவுன் ஆகும். 24 பவுன் மிச்சம். சுங்கம் கட்டுபவர் அங்குள்ள வியாபாரிதான்; எனினும் அது கூடினால் நம்மிடம்தான் விலையைக் குறைக்கச் சொல்வார்.

இச்சலுகை இந்தியா ஒப்பந்தம் செய்து பெற்ற உரிமையன்று. பிறர் இயற்றிய சட்டம் தந்த தயவு. ஆகவே ஒன்றியச் சட்டம் பிரிட்டனில் செல்லாமற் போனதும் அச்சலுகையும் அங்கே தானாக முடிந்தது. பிரிட்டன் தானே புதுச் சட்டம் இயற்றினால்தான் அது தொடரும். நல்லவேளையாக அந்நாடு 2021 ஜனவரி 1 முதல் தன் சொந்தச் சலுகைத் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. பனியனுக்கு அதே 9.6 விழுக்காடு கிடைத்தது. மாமாவின் சரக்கும் தப்பியது.

இடைக்காலம் முடியுமுன் சுங்கம் கடந்துவிட்ட சரக்கின் கதி என்ன? 1969ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, 70ஆவது பிரிவில், பொது விதியொன்றைக் கூறுகிறது. விலகல் இனிவரும் கடமைகளிலிருந்தே ஒரு நாட்டை விடுவிக்கும். அதற்கு முன் ஒப்பந்தத்தின்படி நடந்தேறியவற்றால் விளைந்த உரிமைகளை அது அழிக்காது. நடந்து முடிந்த வணிகத்தைக் கிளறாதிருப்பதும் இக்கருத்தையொட்டியதே.

2025 ஜூலை 24ஆம் நாள் இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நம் ஆயத்த ஆடைகளுக்குச் சுங்கமே இல்லை என்பது அதில் ஓர் அம்சம். அது நடைமுறையில் இருக்கும்வரை, நாம் பெறுவது தயவன்று, உரிமை. ஒப்பந்தம் என்றதும் சுங்க வீதத்தை மட்டும் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. விலக எத்தனை மாத அறிவிப்பு வேண்டும் என்ற பிரிவையும் படித்துவிடுங்கள் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை கப்பல் கடலில் இருக்கும்போது கைகொடுப்பது அப்பிரிவுதான்.