மிச்சத்துக்கும் ஒரு பெயர்

மூன்று பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பத்து லட்டு இருக்கிறது. உடைக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்கு ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். பத்தையும் தீர்த்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எத்தனை விதமாகக் கொடுக்கலாம்? கணக்குப் புத்தகத்தில் இதே கேள்வி x + y + z ≤ 10 என்று வரும். X, y, z மூன்றும் 0 முதலான முழு எண்கள்.

நேர்வழியில் போனால் பதினொரு கணக்கு போட வேண்டும். மொத்தம் 0 என்றால் 1 வழி, 1 என்றால் 3, 2 என்றால் 6 என்று வளர்ந்து, மொத்தம் 10 ஆகும்போது 66 வழிகள். எல்லாவற்றையும் கூட்டினால் 286. தவறில்லை, ஆனால் 10 என்பது 100 ஆனால் கை சலித்துவிடும்.

சிக்கலே அந்த ‘≤’ குறியில்தான் இருக்கிறது. அதை நீக்க ஒரு வழி உண்டு. கொடுக்காத லட்டுகள் பெட்டியிலேயே இருக்குமல்லவா? அந்த எண்ணிக்கைக்கு w என்று பெயர் வைத்தால், x + y + z + w = 10. பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று தெரிந்தால் பெட்டியில் எவ்வளவு என்பது தானாகவே முடிவாகிவிடும். ஆகவே பழைய விடை ஒவ்வொன்றுக்கும் புதிய விடை ஒன்றே ஒன்றுதான். எதுவும் கூடாது, குறையாது. 1947இல் நேரியல் திட்டமிடலுக்கு வழிமுறை வகுத்த ஜார்ஜ் டான்சிக்கும் அசமன்பாடுகளை இப்படித்தான் சமன்பாடாக மாற்றினார்.

இனி எண்ணுவது எளிது. பத்துப் புள்ளிகளை வரிசையாக வைத்து, நடுவே மூன்று கோடுகள் போட வேண்டும்.

●●●|●●|●●●●|●

இது 3, 2, 4, பெட்டியில் 1. புள்ளியும் கோடுமாக 13 இடங்கள். அவற்றில் கோடுகளுக்கு 3 இடங்களைத் தேர்ந்தால் போதும். 13 × 12 × 11 ÷ 6 = 286. அதே விடை. பதினொரு எண்களைக் கூட்டி வந்ததும் இதுவும் ஒன்றாவது தற்செயல் அல்ல: 1, 3, 6 என வளரும் அடுக்கின் கூட்டுத்தொகைக்கு ஆரியபட்டர் 499இலேயே n(n + 1)(n + 2) ÷ 6 என்ற விதியைத் தந்திருக்கிறார். n = 11 என்று வைத்துப் பார்க்கலாம்.

மாணவர்கள் சறுக்கும் இடம் வேறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது ஒன்றாவது தர வேண்டும் என்று கேள்வி மாறினால், பலர் w-வும் குறைந்தது 1 என்று எடுத்துக்கொண்டு 84 என்று எழுதிவிடுகிறார்கள். பெட்டி காலியாக இருக்கலாமே! மூவருக்கும் முதலில் ஒவ்வொன்று கொடுத்துவிட்டால் மீதி 7. இப்போது 10 இடங்களில் 3 கோடுகள்: 120. அந்த 84, மொத்தம் 10-க்குக் கீழே இருக்க வேண்டும் என்ற வேறொரு கேள்வியின் விடை.

சந்தேகம் வந்தால் 10-ஐ 3 ஆக்கிப் பாருங்கள். ஆளுக்கு ஒன்று என்ற ஒரே வழிதான் உண்டு. சரியான முறை 1 என்று சொல்லும், w-வுக்கும் ஒன்று ஒதுக்கிய முறை 0 என்று சொல்லும்.