லைக் போட்டவர் நன்கொடையாளர் ஆவது எப்படி?

சூடானின் டார்ஃபர் பகுதிப் படுகொலைகளுக்கு எதிராக ஃபேஸ்புக்கில் திரண்ட ஒரு குழுவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருந்தார்கள். நிதியாக வந்ததோ சுமார் 90,000 டாலர்தான். சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 99 பேருக்கும் மேல் ஒரு பைசாகூடத் தரவில்லை என்று 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பெயரைச் சேர்ப்பது சுலபம், பணம் எடுத்துக் கொடுப்பது வேறு விஷயம்.

இரண்டே பேர் நடத்தும் அமைப்புகள் இந்தக் கணக்கை மறக்கவே கூடாது. தினமும் பதிவு போட்டு ஆள் சேர்க்க அவர்களுக்கு நேரம் இல்லை, சேர்த்தாலும் காசு வருவதில்லை. அவர்கள் தேட வேண்டியது உதவ நினைப்பவரின் போன் நம்பரை.

ஒரு சிற்றூரில் 40 பிள்ளைகள் வரும் மாலை நேரப் படிப்பகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்குச் சுண்டலும் பழமும் 12 ரூபாய், ஒரு நாளைக்கு 480 ரூபாய். ‘ஏழைக் குழந்தைகளின் கல்விக்கு உதவுங்கள்’ என்று எழுதினால் படிப்பவருக்கு எவ்வளவு தருவதென்றே தெரியாது. ‘வியாழக்கிழமைச் சுண்டலுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை, 480 ரூபாய்’ என்றால் தொகையும் நாளும் கண் முன்னே நிற்கும்.

அடுத்து, பெரும்பாலான அமைப்புகள் அந்தப் பதிவிலேயே கியூஆர் கோடைப் போட்டுவிடுகின்றன. பார்ப்பவர் கையில் இருப்பது ஒரே போன். திரையில் தெரியும் கோடை அதே போனால் நேராக ஸ்கேன் செய்ய முடியாது, படம் பிடித்துப் பேமெண்ட் செயலிக்குள் ஏற்ற வேண்டும். அதற்குள் பலர் நகர்ந்துவிடுவார்கள். சிரமப்பட்டு அனுப்பியவரும் வங்கிக் கணக்கில் ஒரு பெயராக மட்டுமே தெரிவார். அவருக்கு நன்றி சொல்லவோ ரசீது அனுப்பவோ, அடுத்த மாதம் மறுபடி கேட்கவோ வழியில்லை.

இதற்குப் பதிலாக வாட்ஸ்அப் உரையாடலைத் திறக்கும் இணைப்பைக் கொடுக்கலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=சுண்டல்
```

எக்ஸ் இருக்கும் இடத்தில் உங்கள் பத்து இலக்க நம்பர் வரும். தொட்டவுடன் ‘சுண்டல்’ என்ற சொல் தயாராக நிற்கும், அனுப்பினால் போதும். ஃபேஸ்புக் பதிவில் இணைப்பை அப்படியே ஒட்டலாம். இன்ஸ்டாகிராமில் பதிவின் கீழே எழுதும் இணைப்பைத் தொட்டால் திறக்காது, அதனால் அறிமுகப் பகுதியிலோ ஸ்டோரியிலோ போட வேண்டும். நம்பர் கிடைத்த பிறகு பணம் அனுப்பும் விவரத்தைத் தனியாகக் கொடுக்கலாம்.

கிடைத்த நம்பர்களை ஒரே குரூப்பில் போடுவது பெரிய தவறு. ஒருவர் நம்பர் எல்லோருக்கும் தெரிந்துபோகும், காலை வணக்கப் படங்கள் குவியும், நல்லவர்கள் சத்தமில்லாமல் வெளியேறுவார்கள். பிராட்காஸ்ட் பட்டியலே உகந்தது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், செய்தி அவரவருக்குத் தனித்தனியாகப் போகும். ஆனால் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். எனவே முதல் பதிலிலேயே, ‘எங்கள் நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டுவிட வேண்டும். அனுப்பிய செய்தியின் விவரத்தைத் திறந்து, யாருக்கெல்லாம் சேரவில்லை என்று அவ்வப்போது பாருங்கள்.

வியாழக்கிழமை மாலையே, பணம் தந்தவருக்கு ஒரு படம் போக வேண்டும். சுண்டல் கிண்ணம், நீட்டிய கைகள், கரும்பலகையில் அன்றைய கணக்கு. பிள்ளைகளின் முகம் வேண்டாம். சாப்பாட்டுக்குக் கை நீட்டிய படம் இணையத்தில் காலத்துக்கும் கிடக்க எந்தக் குழந்தையும் சம்மதம் தரவில்லை. ஒரு நோட்டில் பெயர், நம்பர், தந்தது, படம் அனுப்பிய தேதி, இரண்டாம் முறை தந்தாரா என்று ஐந்து பத்திகள் போதும். கடைசிப் பத்தி காலியாகவே கிடந்தால், முதலில் தேதிப் பத்தியைச் சரிபாருங்கள்.

தன்னார்வலர்களுக்கும் இதே முறைதான். ‘தன்னார்வலர்கள் தேவை’ என்றால் வாழ்த்துகள் வரும், ஆள் வராது. ‘எட்டாம் வகுப்புக் கணக்கு, சனிக்கிழமை மாலை 5 முதல் 6.30 வரை, நான்கு வாரம், இரண்டு பேர்’ என்று கேட்டால் முடிந்தவர் மட்டும் எழுதுவார். அவரை அன்றே போனில் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

பதிவுகள் கடல் தாண்டிப் போகும் என்பதால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரிடம், அவர் நம் ஊரில் பிறந்தவரே ஆனாலும், எஃப்சிஆர்ஏ அனுமதி இல்லாத அமைப்பு நன்கொடை வாங்க முடியாது. இந்தியக் குடிமகனாகவே இருந்துகொண்டு அங்கே வேலை பார்ப்பவர் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. கணக்கு எண்ணைக் கொடுக்கும் முன் குடியுரிமையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் குடிமகன் என்று பதில் வந்தால் பணத்தை விட்டுவிட்டு, வாரம் ஒரு மாலை வீடியோவில் ஆங்கிலம் சொல்லித்தர முடியுமா என்று கேட்கலாம். நமக்கு 6 மணி வகுப்பு, அவருக்கு அது இரவு 8.30.