‘சித்தப்பா பையன் அங்கதான் இருக்கான்’: வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சொல்ல வேண்டுமா?

கம்பத்தைச் சேர்ந்த பட்டதாரி ஒருவர் போடிநாயக்கனூரில் உள்ள ஏலக்காய் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பிரிவு வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சித்தப்பா மகன் அதே நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: ‘எங்கள் நிறுவனத்தில் உங்கள் உறவினர் யாராவது பணிபுரிகிறார்களா?’

“இல்லைன்னு போட்டுருவோம், எதுக்கு வம்பு” என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வம்பு தொடங்குவதே அந்த ‘இல்லை’யில்தான்.

இதில் என்ன சிக்கல்?

கொள்முதல் பிரிவில் இருப்பவர் சரக்கின் தரத்தைப் பார்த்து விலை பேசுவார். கணக்குப் பிரிவில் இருப்பவர் அந்த பில்லைச் சரிபார்த்துப் பணம் விடுவார். ஒருவர் செய்ததை இன்னொருவர் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு பேரை வைத்திருக்கிறார்கள். அந்த இருவரும் அண்ணன் தம்பி என்றால், இருவரும் நேர்மையாகவே இருந்தாலும் அந்தச் சரிபார்ப்புக்கு மதிப்பில்லை. நலன் முரண் என்பது இதுதான். தவறு நடந்திருக்க வேண்டும் என்பதில்லை, தவறு நடக்க இடம் இருந்தாலே அது முரண்தான்.

யாரெல்லாம் உறவினர்?

2013 கம்பெனிகள் சட்டத்தின்படி கணவன், மனைவி, பெற்றோர், மகன், மகள், மருமகன், மருமகள், உடன்பிறந்தோர், இந்து கூட்டுக்குடும்ப உறுப்பினர்கள் ஆகியோர் உறவினர்கள். அக்கா வீட்டுக்காரர், தாய்மாமா, சித்தப்பா மகன் ஆகியோர் இந்தப் பட்டியலில் தனியாகச் சொல்லப்படவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் முக்கியமாக இயக்குநர்களுடன் நடக்கும் பரிவர்த்தனைகள் போன்றவற்றுக்கானது. வேலை விண்ணப்பத்துக்கு நிறுவனத்தின் நடத்தை விதிதான் பொருந்தும். பல நிறுவனங்களின் விதி இதைவிட அகலமானது. சந்தேகம் இருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு: அவர் பெயர் உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் வருமா? வரும் என்றால் எழுதிவிடுங்கள்.

எப்படிச் சொல்வது?

நான்கு விவரங்கள் போதும்: உறவினரின் பெயர், உறவுமுறை, பிரிவு, பதவி. ‘உறவினர்’ என்று மட்டும் எழுதாமல் ‘தந்தையின் தம்பி மகன்’ என்று தெளிவாக எழுத வேண்டும். ‘அண்ணன்’ என்று எழுதினால் மனிதவளப் பிரிவில் இருப்பவர் உடன்பிறந்தவர் என்று புரிந்துகொள்வார்.

படிவத்தில் கேள்வியே இல்லையென்றால், நேர்காணலுக்கு முன் மனிதவளப் பிரிவுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பலாம்: ‘என் தந்தையின் தம்பி மகன் உங்கள் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறார். என் தேர்வில் அவருக்குப் பங்கு இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.’ வாய்மொழியாகச் சொன்னால் பதிவு இருக்காது. பின்னாளில் மேலாளர் மாறும்போது, “சொன்னேனே சார்” என்பதற்கு ஆதாரம் கிடைக்காது.

உறவினரே பரிந்துரைத்திருந்தால், அவரும் தன் பக்கத்தில் உறவைக் குறிப்பிட வேண்டும். இருவர் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும்.

சொன்னால் வேலை போய்விடுமா?

உறவினர்களை அறவே எடுப்பதில்லை என்ற விதி உள்ள நிறுவனமென்றால் போகலாம். மற்ற இடங்களில் வழக்கமாக நடப்பது வேறு. உறவினரை நேர்காணல் குழுவில் வைக்க மாட்டார்கள். ஒருவருக்குக் கீழ் மற்றவரை அமர்த்த மாட்டார்கள். நம் எடுத்துக்காட்டில், புதியவரின் பில்களைக் கணக்குப் பிரிவில் வேறொருவர் பார்ப்பார், அல்லது அவருக்குப் புற்றடி ஏல மையத்தில் பணி தருவார்கள்.

அரசுப் பணியிலும் இதே தர்க்கம்தான். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளில் 4ஆவது விதி, குடும்ப உறுப்பினர் வேலை பார்க்கும் நிறுவனம் தொடர்பான கோப்பை ஊழியர் தானே கையாளாமல் மேலதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது.

மறைத்தால்?

விண்ணப்பத்தின் அடியில் ‘மேற்கண்டவை உண்மை’ என்று கையெழுத்துப் போடுகிறோம். உறவு வெளியே வரும் நாளில், பிரச்சினை உறவல்ல, அந்தக் கையெழுத்து. கம்பம் பள்ளத்தாக்கில் அது வெளியே வர ஒரு மொய் நோட்டே போதும்.

மேல்மட்டத்திலும் விதி மாறுவதில்லை. ஐசிஐசிஐ வங்கியின் முன்னாள் தலைவர் சந்தா கோச்சார் விவகாரத்தில், நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா விசாரணை அறிக்கை அவர் நலன் முரணை முறையாகத் தெரிவிக்கவில்லை என்றது. அதன் பேரில் 2019 ஜனவரியில் வங்கி அவரது விலகலைப் பணிநீக்கமாகக் கருதியது. 2009 ஏப்ரல் முதல் தந்த போனஸையும் திருப்பிக் கேட்டது. வங்கி இந்த முடிவை எடுத்தது தன் நடத்தை விதியின் அடிப்படையில். குற்ற வழக்கு தனியாக நடந்தது.

சேர்ந்த பிறகு?

ஒருமுறை சொன்னதோடு முடிவதில்லை. உடன் வேலை பார்ப்பவரையே திருமணம் செய்யலாம். உறவினர் பதவி உயர்ந்து உங்கள் மேலாளர் ஆகலாம். சரக்கு தரும் வியாபாரி வீட்டில் தங்கை சம்பந்தம் முடியலாம். அந்த வாரமே மனிதவளப் பிரிவுக்கு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலைச் சொந்த மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்வது நல்லது.