கம்பியில் ஒரு கைக்காடு

நகரப் பேருந்து நெரிசலைப் பற்றிப் பள்ளியில் கவிதை எழுதச் சொன்னால், 'புளிமூட்டை போல' உடனே வந்துவிடும். தேய்ந்த உவமை, படிப்பவர் கண்ணில் எதுவும் விரியாது.

மேலே கம்பியைப் பாருங்கள். 'கைகள் காடுபோல் நின்றன' என்பது உவமை. கை வேறு, காடு வேறு. 'போல்' என்பதை நீக்கி 'கைக்காடு' என்றால் உருவகம், கையே காடாகிவிட்டது. இனி அடுத்த வரிகள் அந்தக் காட்டுக்குள்ளேயே நடக்கலாம்:

கைக்காட்டில் வழிவெட்டி
வருகிறார் நடத்துநர்;
பிரேக் அடித்தால்
காடே சாய்கிறது.

ஒரு கணத்தைக் காட்ட உவமை போதும். காட்சி வரிவரியாக வளர வேண்டுமானால் உருவகம். ஆனால் ஐந்தாம் வரியில் அதே கைகளை அலையாக்கினால் காடு கலைந்துவிடும். அலையைப் படிக்கட்டில் முண்டும் கூட்டத்துக்குக் கொடுங்கள், அதுவும் உவமையாக மட்டும்.