எட்டா, அ-வா?

பாபநாசம் பக்கத்தில் கொஞ்சம் நிலம். உரிமையாளர் இருப்பது சென்னையில். நிலம் குத்தகையில் இருக்கிறது. அவருக்கு அனுப்ப வேண்டிய ஆங்கிலக் கடிதம் ஒன்றைத் தமிழாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியிலேயே புல எண் வருகிறது: 123/2A. கடிதம் முழுக்கத் தமிழாக இருக்கட்டுமே என்று எண்களையும் தமிழில் போட்டு, A-யை அ ஆக்கினால் கிடைப்பது ௧௨௩/௨அ. பழைய எண்களைப் படிக்கத் தெரிந்த ஒருவர் இதை 123/28 என்று படித்துவிட்டால் குற்றம் அவருடையது அல்ல. தமிழ் எட்டின் வடிவம் ௮. உட்பிரிவு 2A ஒருவருடைய வயல், 28 வேறொருவருடையதாக இருக்கலாம்.

எட்டு மட்டும் இப்படி இல்லை. ௧ க-வைப் போல, ௨ உ-வைப் போல, ௭ எ-வைப் போல இருக்கும். கணினிக்கு அ-வும் ௮-வும் வேறு வேறு. அ-வின் குறியீடு U+0B85, எட்டின் குறியீடு U+0BEE. அச்சிட்ட தாளில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. தட்டச்சு செய்பவர் எண்ணுக்குப் பதில் எழுத்தையே அடித்துவிட்டாலும் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். கணினியில் அந்த எண்ணைத் தேடும்போதுதான் கிடைக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ௧௨௩ என்பதே பழைய முறை அல்ல. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்ததால் நூற்று இருபத்து மூன்றை ௱௨௰௩ என்றுதான் எழுதினார்கள். அந்த முறைக்குச் சுழியம் தேவைப்படவில்லை. யூனிகோடில்கூடத் தமிழ்ச் சுழியம் 2005-இல்தான் சேர்ந்தது. ஆக, தமிழ் எண்ணில் எழுதுவது என்று முடிவு செய்தாலும் எந்த முறையில் என்ற கேள்வி மிச்சமிருக்கும்.

பழைய எண் முறை டெல்டா நிலக் கணக்குக்கு எவ்வளவு பொருந்தியது என்பது வேறு விஷயம். இருபது மா ஒரு வேலி; பின்னக் கணக்கிலும் மா என்றால் இருபதில் ஒரு பங்குதான். மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர் என்று இன்றும் பேச்சில் வரும். இன்றைய பட்டாவோ ஹெக்டேர், ஏர் கணக்கில், 1, 2, 3 என்ற எண்களில் இருக்கிறது. கடிதத்தில் வரும் எண் பட்டாவில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அதனால் புல எண், தொகை, தேதி மூன்றுக்கும் 1, 2, 3 தான். அழைப்பிதழில், நூலின் முகப்பில் ஆண்டைத் தமிழ் எண்ணில் போடுங்கள், அழகாக இருக்கும். அங்கே தவறாகப் படித்தாலும் யாருடைய நிலமும் கைமாறாது.

எண்ணில் தப்பித்தாலும் அடுத்த பத்தியில் மாட்டிக்கொள்வோம். உரிமையாளரின் ஆவணங்களோடு குத்தகைதாரர்கள் வர வேண்டும் என்பது மூலத்தின் கருத்து. மரியாதைக்காகத் ‘தாங்கள்’ போடும் கடிதத்தில் இது இப்படி அமையும்: “குத்தகைதாரர்கள் தங்கள் ஆவணங்களுடன் 15ஆம் தேதி வர வேண்டும்.” யாருடைய ஆவணங்கள்? குத்தகைதாரர்கள் தங்கள் குத்தகைச் சீட்டோடு வருவார்கள், பட்டா சென்னையிலேயே இருக்கும்.

தான், தாம், தாங்கள் எல்லாம் அடிப்படையில் ‘தன்னையே’ குறிக்கும் சொற்கள். எதிரில் இருப்பவரை நேராகச் சுட்டுவதைத் தவிர்ப்பது பணிவு என்பதால் அதே சொல் முன்னிலைக்கும் வந்தது. மராட்டியில் ‘ஆபண்’ என்ற சொல்லும் தன்னைக் குறிப்பதிலிருந்து மரியாதைக்கு வந்ததுதான். அங்கே சங்கடம் இன்னும் ஒரு படி அதிகம்: அதற்கு ‘நாம்’ என்ற பொருளும் உண்டு. தஞ்சை மராட்டியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. மராட்டியிலிருந்து தமிழாக்கும் எவரும் அந்தச் சொல் வருமிடத்தில் நாமா, தாங்களா என்று நின்று பார்த்துத்தான் போக வேண்டும்.

தமிழில் பெரும்பாலும் வினைமுற்று காப்பாற்றிவிடும். ‘தாங்கள் வந்தீர்கள்’ என்றால் எதிரில் இருப்பவர், ‘வந்தார்கள்’ என்றால் மற்றவர்கள். ஆனால் அலுவலகக் கடிதத்தின் செல்ல வினை ‘வேண்டும்’. அதற்கு முன்னிலையும் தெரியாது, படர்க்கையும் தெரியாது. ‘தங்கள்’ என்ற உடைமைச் சொல்லுக்கோ வினைமுற்றின் துணையே கிடையாது.

‘நீங்கள்’, ‘உங்கள்’ என்பவற்றில் இந்தக் குழப்பம் வராது. அவை படர்க்கைக்குப் போகவே போகாது. நீங்கள் என்றால் மரியாதை குறைகிறது என்று நினைப்பவர்கள் அந்தச் சொல்லின் கதையைப் பார்க்கலாம். பன்மையான ‘நீர்’ ஒருமைக்கு மரியாதையாக இறங்கியபோது பன்மைக்கு ‘கள்’ சேர்ந்த ‘நீங்கள்’ வேண்டியிருந்தது. பிறகு அதுவும் மரியாதைக்கு வந்து சேர்ந்தது. மேற்கொண்டு மரியாதை வேண்டுமென்றால் முகவரியில் ‘அவர்கள்’ இருக்கிறது. ஒரே கடிதத்தில் ‘தாங்கள்’ என்று தொடங்கி ‘உங்கள்’ என்று முடிப்பதுதான் கூடாது.

கடிதத்தின் அந்த இடத்தை நான் இப்படி எழுதுவேன்: “புல எண் 123/2A தொடர்பாக, குத்தகைதாரர்கள் உங்கள் பட்டா நகலையும் தம்முடைய குத்தகைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு 15ஆம் தேதி வர வேண்டும். பட்டா நகலை அதற்கு முன்பே நீங்கள் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.”