சுடுதண்ணீரில் பம்பு ஏன் கத்துகிறது?

டீ வந்துவிட்டது, குடித்துக்கொண்டே கேளுங்கள். டெல்டாப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். உமி எரிக்கும் சின்ன பாய்லர், அதற்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீடு பம்பு, பம்புக்கு மேலே ஒரு திறந்த டேங்க். நெல் உலர்த்தும் டிரையரின் ரேடியேட்டரில் நீராவி குளிர்ந்து தண்ணீராகிறது. அந்தச் சுடுதண்ணீரை இதுவரை சாக்கடையில் விட்டார்கள். இப்போது குழாய் போட்டு டேங்குக்கே திருப்புகிறார்கள். செய்ய வேண்டிய வேலைதான். பாய்லருக்குப் போகும் தண்ணீரின் சூடு 6 டிகிரி கூடினால் எரிபொருளில் ஏறக்குறைய 1 சதவீதம் மிச்சமாகும். 30 டிகிரியில் இருந்த டேங்க் தண்ணீர் 90 டிகிரிக்கு மேல் போகிறது, உமி மிச்சமாகிறது.

ஆனால் அதுவரை சத்தமில்லாமல் ஓடிய பம்பு கத்தத் தொடங்குகிறது. உள்ளே யாரோ சரளைக்கல்லைக் கொட்டிக் கிளறுவது போன்ற சத்தம். டெலிவரி கேஜின் முள் ஆடுகிறது, பாய்லரில் தண்ணீர் மட்டம் இறங்குகிறது. மெக்கானிக் வந்து பேரிங்கை மாற்றுகிறார், சத்தம் அப்படியே இருக்கிறது. மோட்டாரை மாற்றினாலும் அப்படியேதான் இருக்கும். கோளாறு பம்பில் இல்லை, பம்புக்கு வந்து சேரும் தண்ணீரில் இருக்கிறது.

பம்பு தண்ணீரை இழுக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். தண்ணீரை யாராலும் இழுக்க முடியாது, தள்ளத்தான் முடியும். டேங்கில் நிற்கும் தண்ணீரின் தலைமேல் காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் சுமார் பத்தேகால் மீட்டர் உயரத் தண்ணீரின் எடைக்குச் சமம். பம்பு சுழலும்போது இம்பெல்லரின் நடுக்கண்ணில் அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் காற்று, அழுத்தம் குறைந்த அந்த இடத்தை நோக்கித் தண்ணீரைத் தள்ளிவிடுகிறது. பம்பின் வாய்க்குத் தண்ணீர் வருவது இந்தத் தள்ளலால்தான்.

இனி அந்த நடுக்கண்ணில் நடப்பதைப் பார்ப்போம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல் மட்டத்துக் காற்றழுத்தத்துக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. ஊட்டியில் 93 டிகிரியை எட்டுவதற்குள்ளேயே கொதித்துவிடும். அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போனால் 30 டிகிரித் தண்ணீரும் கொதிக்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் ஓர் அழுத்தம் உண்டு. அதற்குக் கீழே போனால் தண்ணீர் தண்ணீராக நிற்காது, ஆவியாகக் குமிழ்விடும். இதுதான் ஆவியழுத்தம். 30 டிகிரித் தண்ணீருக்கு இது வெறும் 0.43 மீட்டர். 60 டிகிரியில் 2.07. 80 டிகிரியில் 4.97. 90 டிகிரியில் 7.41. 95 டிகிரியில் 8.97. ஏற்றம் சீராக இல்லை என்பதைக் கவனியுங்கள். 30-இலிருந்து 60-க்குப் போகும்போது ஒன்றரை மீட்டர்தான் கூடுகிறது. 90-இலிருந்து 95-க்குப் போகும் அந்த ஐந்தே டிகிரியில் அதே ஒன்றரை மீட்டர் கூடிவிடுகிறது. நம் ஆலையின் தொல்லை முழுவதும் இந்த வரிசைக்குள் இருக்கிறது.

இம்பெல்லரின் கண்ணில், இறக்கைகளின் முன்விளிம்பைத் தாண்டியதும், அழுத்தம் மிகவும் தாழ்ந்துபோகும் ஓர் இடம் உண்டு. அங்கே அழுத்தம் ஆவியழுத்தத்துக்குக் கீழே இறங்கினால் குமிழ்கள் பிறக்கும். குமிழ் தண்ணீரோடு ஓடி, அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் தாங்காமல் நசுங்கும். ஆவி ஒரு நொடியின் மிகச் சிறிய பங்கில் மீண்டும் தண்ணீராகிவிட, காலியான இடத்துக்குள் சுற்றிலுமுள்ள தண்ணீர் பாய்ந்து மோதுகிறது. அந்த மோதலின் அழுத்தம் எவ்வளவு பெரிதாகும் என்பதை ராலே பிரபு 1917-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். கப்பல்களின் உந்துவிசிறி தேய்வதற்குக் காரணம் தேடியபோது பிறந்த கணக்கு அது. குமிழ் உலோகத்தை ஒட்டி நசுங்கினால் ஒரு பக்கத்தில் குழிந்து, ஊசி போன்ற தண்ணீர்த் தாரை உலோகத்தின் மேல் பாயும். ஆயிரக்கணக்கான குமிழ்கள் ஓயாமல் இப்படி நசுங்குவதுதான் நாம் கேட்கும் சத்தம். இதற்குக் கேவிட்டேஷன் என்று பெயர்.

பம்பைக் கழற்றினால் தடயம் தெரியும். மணல் தேய்த்த இம்பெல்லர் வழவழப்பாக, ஓட்டத்தின் திசையில் கோடு விழுந்து இருக்கும். கேவிட்டேஷன் தின்றது சொரசொரப்பாக, சின்னச் சின்னக் குழிகளாக இருக்கும். அதுவும் நுழைவாயிலுக்குச் சற்று உள்ளே, இறக்கையில் அழுத்தம் குறைந்த பக்கத்தில்தான் அதிகமாகத் தெரியும். சுடுதண்ணீரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொதிநிலையை நெருங்கிய தண்ணீரில் குமிழுக்குள் ஆவி அடர்த்தியாக இருப்பதால் அது சற்று மெத்தென்று நசுங்கும்; மிதமான சூட்டில் ஏற்படும் அளவுக்கு அரிப்பு இருக்காது. அதனால் நிம்மதி அடைய முடியாது. அரிப்பு குறைந்தாலும், பிறக்கும் ஆவி இடம் பிடித்துக்கொண்டு ஓட்டத்தை அடைக்கும். பம்பு தண்ணீர் எடுப்பதையே நிறுத்திவிட்டால் மெக்கானிக்கல் சீல் வறண்டு எரியும், பாய்லரில் தண்ணீர் வற்றும். பாய்லரில் தண்ணீர் வற்றுவது இம்பெல்லர் அரிப்பதைவிடப் பல மடங்கு ஆபத்து.

இதையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட ஒரு வழி இருக்கிறது. பம்பின் வாயில், ஆவியழுத்தத்துக்கு மேல் எவ்வளவு அழுத்தம் மிச்சம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். அந்த மிச்சத்தை மீட்டர் கணக்கில் சொன்னால் அதுவே கிடைக்கும் என்.பி.எஸ்.எச்.

காற்றழுத்தத்தோடு, பம்பின் மையத்துக்கு மேல் டேங்கில் தண்ணீர் நிற்கும் உயரத்தைக் கூட்டுங்கள். தண்ணீர் பம்புக்குக் கீழே கிணற்றில் இருந்தால் கூட்டாமல் கழியுங்கள். சக்‌ஷன் குழாய், வளைவு, வால்வு, ஸ்ட்ரெய்னர் ஆகியவற்றில் உராய்ந்து போகும் அழுத்தத்தைக் கழியுங்கள். கடைசியாக ஆவியழுத்தத்தைக் கழியுங்கள். அவ்வளவுதான்.

நம் ஆலைக்கே போடுவோம். டேங்கில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் நேரத்திலும் பம்புக்கு மேல் 1.5 மீட்டர் நிற்கிறது. எப்போதும் தாழ்ந்த மட்டத்தைத்தான் எடுக்க வேண்டும்; டேங்க் நிரம்பி வழியும்போது அளந்த உயரம் நம்மைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும். சக்‌ஷன் குழாய் ஒன்றேகால் அங்குலம், அதில் இழப்பு 0.8 மீட்டர். பழைய நாட்களில், 30 டிகிரியில்: 10.38 + 1.5 − 0.8 − 0.43 = 10.65 மீட்டர். சூடான தண்ணீர் எடை குறைந்தது என்பதால் அதே காற்றழுத்தம் மீட்டர் கணக்கில் சற்றுக் கூடித் தெரியும். 90 டிகிரியில்: 10.70 + 1.5 − 0.8 − 7.41 = 3.99 மீட்டர். 95 டிகிரியில்: 10.74 + 1.5 − 0.8 − 8.97 = 2.47 மீட்டர். பத்தரை மீட்டருக்கு மேல் இருந்தது இரண்டரைக்கு வந்துவிட்டது. டேங்க் அதேதான், குழாய் அதேதான், பம்பும் அதேதான்.

இனி பம்பு கேட்பதைப் பார்ப்போம். பம்பு நிறுவனம் தரும் வளைவுப் படத்தில், நாம் ஓட்டும் அளவுக்குத் தேவையான என்.பி.எஸ்.எச். 2.5 மீட்டர் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். “அண்ணே, 90 டிகிரிக்கு 3.99 இருக்கே, தாராளமா போதுமே. 95-லயும் மூணு சென்டிமீட்டர்தானே குறையுது?” என்று ஒரு ஃபிட்டர் தம்பி கேட்டால் அது நியாயமான கேள்வி. பதில், அந்த 2.5 எப்படி வந்தது என்பதில் இருக்கிறது. சோதனைக் கூடத்தில் சக்‌ஷன் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். பம்பின் ஏற்றுதிறன் 3 சதவீதம் விழும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். அந்த இடம்தான் பட்டியலில் இருக்கும் எண். ஏற்றுதிறன் 3 சதவீதம் விழ வேண்டுமென்றால் அதற்கு வெகு முன்பே குமிழ்கள் பிறந்து, ஓட்டத்தில் இடம் பிடித்திருக்க வேண்டும். அதாவது பட்டியல் சொல்லும் எண், கேவிட்டேஷன் நடந்துகொண்டிருக்கும் எண். எல்லைக்கோட்டைப் பாதுகாப்பான இடம் என்று எடுத்துக்கொள்வதுதான் இந்தத் துறையில் நான் அதிகம் பார்க்கும் பிழை. பட்டியல் கேட்பதைவிடக் குறைந்தது ஒரு மீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். பாய்லர் போன்ற இடத்தில் அதற்கு மேலும் வைப்பது நல்லது.

90 டிகிரியில் இருக்கும் ஒன்றரை மீட்டர் மிச்சமும் நிலையானது அல்ல. கன்டென்சேட் ஒரு வேளை கூடுதலாக வந்தால் சூடு 95 ஆகிவிடும். ஸ்ட்ரெய்னரில் துரு சேர்ந்து இழப்பு இன்னொரு மீட்டர் கூடினாலும் கணக்கு கவிழும். இவை இரண்டும் ஒரே நாளில் நடந்தால் 1.47 மீட்டர்தான் மீதி. அன்றைக்குத்தான் பம்பு தண்ணீரை விட்டுவிடும்.

நேரில் சரிபார்க்க, பம்பின் சக்‌ஷன் வாயில் ஒரு காம்பவுண்டு கேஜ் மாட்டுங்கள். நம் கணக்குப்படி அது 0.7 மீட்டர், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.07 கிலோ காட்ட வேண்டும். வெற்றிடப் பக்கம் முள் போனால் வழியில் எங்கோ அடைப்பு. கேஜ் காட்டுவதோடு காற்றழுத்தத்தைக் கூட்டி ஆவியழுத்தத்தைக் கழித்தால், எந்த நேரத்திலும் கையிலிருக்கும் என்.பி.எஸ்.எச். கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். இன்னொரு சோதனை, டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடிப் பார்ப்பது. ஓட்டம் குறையும்போது குழாய் இழப்பும் குறையும், பம்பு கேட்பதும் குறையும். சத்தம் அடங்கினால் கேவிட்டேஷன்தான் என்று பெரும்பாலும் நம்பலாம். சக்‌ஷன் வால்வை மட்டும் ஒருபோதும் மூடிப் பார்க்காதீர்கள். இருக்கும் கொஞ்ச அழுத்தத்தையும் அது பறித்துவிடும்.

டேங்கில் குளிர்ந்த தண்ணீரைக் கலந்து சத்தத்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. சத்தம் நிற்கும், கூடவே உமி மிச்சமும் நிற்கும். சூடான தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு, அதனால் பாய்லர் டியூப் அரிப்பதும் குறையும். அந்த நன்மையும் போய்விடும். எனவே தண்ணீர் சூடாகவே இருக்கட்டும், மற்ற எண்களை மாற்றுவோம். சக்‌ஷன் குழாயை இரண்டு அங்குலமாக்கி, வால்வையும் ஸ்ட்ரெய்னரையும் பெரிதாக்கினால் இழப்பு 0.8-இலிருந்து 0.2-க்கு இறங்கும். குழாய் பம்பு வாயில் சிறிதாகும் இடத்தில், தட்டையான பக்கம் மேலே இருக்கும் எக்சென்ட்ரிக் ரெடியூசரைப் போடுங்கள். இல்லையென்றால் மேல்பக்கத்தில் காற்று தங்கும். டேங்கை 2 மீட்டர் உயர்த்துங்கள். இப்போது 95 டிகிரியில்: 10.74 + 3.5 − 0.2 − 8.97 = 5.07 மீட்டர். பம்பு கேட்கும் 2.5-க்கு இரண்டு மடங்கு.

இதே ஏற்பாட்டை ஊட்டியில் வைத்தால் காற்றழுத்தமே இரண்டரை மீட்டர் குறைவு. அங்கே தண்ணீர் 95 டிகிரிக்கே போகாது, ஆனால் 90 டிகிரியில் பழைய டேங்க், பழைய குழாயோடு கிடைப்பது 1.44 மீட்டர்தான். மலைக்குப் பம்பு அனுப்பும்போது காற்றழுத்தத்தைக் கணக்கில் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

டேங்கை உயர்த்த இரும்புத் தாங்கி செய்து வரும் வரைக்கும், பாய்லர் கேட்கும் தண்ணீர் குறையாத அளவுக்கு டெலிவரி வால்வைச் சற்று மூடியே ஓட்டுங்கள், ஸ்ட்ரெய்னரைத் தினமும் கழுவுங்கள், டேங்க் சூட்டை 85 டிகிரிக்கு மேல் போக விடாதீர்கள்.