பியர் டு பியர் கடன் தளங்கள்: கடன் வாங்குபவர் அறிய வேண்டியவை

பியர் டு பியர் கடன் தளம் என்பது, கடன் தேவைப்படுபவரையும் கடன் கொடுக்க விரும்பும் தனிநபர்களையும் இணையத்தில் சேர்த்துவைக்கும் நிறுவனம் ஆகும். சுருக்கமாக இதைப் பி டு பி தளம் என்பர். இது வங்கி போலத் தன் பணத்தைக் கடனாகக் கொடுப்பதில்லை. இந்தியாவில் இத்தகைய தளங்களை ரிசர்வ் வங்கி, வங்கியல்லாத நிதி நிறுவனங்களில் ஒரு தனி வகையாகப் பதிவு செய்கிறது. இதற்கான நெறிமுறைகள் 2017 அக்டோபர் 4 அன்று வெளியாயின. 2024 ஆகஸ்ட் 16 அன்று அவை மேலும் கடுமையாக்கப்பட்டன.

பணம் யாருடையது?

வெள்ளகோவிலில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் நூல் வாங்க ஒரு லட்சம் ரூபாய் கேட்டு இத்தகைய தளத்தில் விண்ணப்பிக்கிறார் என்று கொள்வோம். ஒரு கொடுநர் ஒரே கடனாளிக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆகவே இவருக்குக் குறைந்தது இரண்டு பேர் கொடுக்க வேண்டும். நடைமுறையில் ஆளுக்கு 2,000 ரூபாய் வீதம் 50 பேர்கூடச் சேர்ந்து கொடுப்பதுண்டு. கடனாளி எல்லாத் தளங்களிலும் சேர்த்து 10 லட்சம் ரூபாய் வரைதான் வாங்கலாம். தவணைக் காலம் 36 மாதங்களைத் தாண்டக் கூடாது. நகை, நிலம் போன்ற அடமானம் எதுவும் வாங்கப்படுவதில்லை.

கொடுநர்களின் பணம் நேராகத் தளத்தின் கைக்குப் போகாது. அறங்காவலர் ஒருவரின் பொறுப்பில் உள்ள தனி வங்கிக் கணக்குக்குச் சென்று, அங்கிருந்து கடனாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். தவணைக்கும் இப்படியே வேறொரு தனிக் கணக்கு உண்டு. ரொக்கமாகக் கொடுக்கல் வாங்கல் கூடாது. ஆகவே வசூலுக்கு வந்தவர் ரொக்கம் கேட்டாலோ, தன் சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னாலோ அது விதிமீறல். அப்படிக் கட்டிய தொகை கடன் கணக்கில் வரவாகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

வட்டியும் கட்டணமும்

கடனாளியின் வருமானம், வங்கிக் கணக்கு நடப்பு, சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் தரும் மதிப்பெண் ஆகியவற்றைப் பார்த்துத் தளம் அவருக்கு ஒரு தரம் வழங்குகிறது. தரம் குறையக் குறைய வட்டி ஏறும். பொதுவாக ஆண்டுக்கு 12 விழுக்காட்டிலிருந்து 36 விழுக்காடு வரை வட்டி அமைகிறது. வட்டி கொடுநர்களுக்குச் செல்கிறது. தளத்தின் வருமானம் அது வாங்கும் கட்டணம்தான். 2024ஆம் ஆண்டு மாற்றத்தின்படி இக்கட்டணம் ஒரு நிலையான தொகையாகவோ, கடன் தொகையில் ஒரு நிலையான விழுக்காடாகவோதான் இருக்க வேண்டும்.

நம் விசைத்தறிக்காரருக்கு ஒரு லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டியில், 12 மாதத் தவணையில் கிடைக்கிறது என்போம். ஊர் வழக்கில் இது நூற்றுக்கு இரண்டு வட்டி. மாதத் தவணை 9,456 ரூபாய். முதல் மாதத் தவணையில் 2,000 ரூபாய் வட்டி, 7,456 ரூபாய் அசல். அசல் குறைவதால் வட்டியும் மாதாமாதம் குறையும். ஆண்டு முடிவில் அவர் கட்டும் மொத்த வட்டி ஏறத்தாழ 13,470 ரூபாய்.

இதில் கட்டணத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பரிசீலனைக் கட்டணம் 4 விழுக்காடு என்றால் 4,000 ரூபாய். அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 720 ரூபாய். இந்த 4,720 ரூபாய் முதலிலேயே கழிக்கப்பட்டு, கைக்கு வருவது 95,280 ரூபாய்தான். ஆனால் தவணை முழு ஒரு லட்சத்துக்கும் கணக்கிடப்படுகிறது. கைக்கு வந்த தொகையையும் கட்டும் தவணைகளையும் வைத்துக் கணக்கிட்டால் உண்மையான செலவு ஆண்டுக்குச் சுமார் 33.5 விழுக்காடு. இரண்டு வட்டி என்று நினைத்தது ஏறத்தாழ 2.8 வட்டியாகிறது.

இதே 4 விழுக்காட்டுக் கட்டணம் ஆறு மாதக் கடனில் இன்னும் கனமாக விழும். மூன்றாண்டுக் கடனில் குறைவாகத் தெரியும். ஆகவே இரண்டு தளங்களை ஒப்பிடும்போது வட்டி விழுக்காட்டை மட்டும் பார்ப்பது போதாது. கட்டணத்தையும் சேர்த்த ஆண்டுச் செலவு விழுக்காட்டைக் கேட்டு ஒப்பிட வேண்டும்.

தவணை தவறினால்

ஐந்து தவணை கட்டிய பிறகு துணிக்குக் கூலி வராமல் ஆறாவது தவணை தவறுகிறது என்போம். அப்போது நிலுவை அசல் சுமார் 61,200 ரூபாய். கணக்கில் பணம் இல்லாததால் தானியங்கிப் பற்று திரும்பிவிடும். இதற்குக் கடனாளியின் வங்கி ஒரு கட்டணமும், தளம் ஒப்பந்தப்படி மற்றொரு கட்டணமும் விதிக்கலாம். இரண்டும் தனித்தனி. தேதிக்கு முன்பே பணம் இருக்காது என்று தெரிந்தால் தளத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது நல்லது.

அடுத்தது கடன் தகவல். எல்லாத் தளங்களும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் விவரம் அனுப்பியாக வேண்டும். எத்தனை நாள் தாமதம் என்பது அங்கே பதிவாகும். பின்னாளில் கூட்டுறவு வங்கியிலோ வேறு வங்கியிலோ கடன் கேட்கும்போது இப்பதிவு கண்ணில் படும்.

தாமதம் நீண்டால் வசூல் முகவர்கள் பேசுவர். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. மிரட்டுவதோ, உறவினர் முன் அவமானப்படுத்துவதோ கூடாது. பிறகு வழக்கறிஞர் அறிவிப்பும், ஒப்பந்தத்தில் இருந்தால் நடுவர் மன்ற நடவடிக்கையும் வரலாம். கடன் கொடுத்த தரப்பு மட்டும் தன் விருப்பப்படி ஒற்றை நடுவரை நியமிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்துள்ளது. வந்த அறிவிப்பைப் பிரிக்காமல் வைத்துவிட்டால், தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பு போய்விடும்.

கடன் கட்டாததற்குச் சிறை கிடையாது என்று பலர் நம்புகின்றனர். கடன் பாக்கி உரிமையியல் விவகாரம்தான். ஆனால் போதிய பணம் இல்லாமல் தானியங்கிப் பற்று திரும்புவது, காசோலை திரும்புவதைப் போன்றே, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் குற்றமாகும். அதற்கு இரண்டாண்டு வரை சிறையோ, தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இவ்வழக்குக்கு முன் எழுத்து மூலம் அறிவிப்பு தர வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் தொகையைக் கட்டிவிட்டால் வழக்குக்கு இடமில்லை.

குறைத்துக் கட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. நட்டம் கொடுநர்களுடையது, அதைத் தளம் ஏற்கக் கூடாது என்பது விதி. எனவே பிறர் பணத்தைத் தளம் தன்னிச்சையாகத் தள்ளுபடி செய்ய முடியாது. கொடுநர்களின் சம்மதமோ ஒப்பந்தம் தந்த அதிகாரமோ வேண்டும். சலுகை தருவதாக முகவர் வாயால் சொன்னால் போதாது; தளத்தின் கடிதம் வேண்டும். அப்படி முடித்தாலும் கடன் அறிக்கையில் முழுதும் கட்டியதாக இராமல், சமரசமாக முடித்ததாகவே பதிவாகும்.

புகார் வழி

முதலில் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். இவ்வழி பதிவு பெற்ற தளங்களுக்குத்தான் பயன்படும். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே ரிசர்வ் வங்கியின் பட்டியலில் நிறுவனத்தின் சட்டப்படியான பெயர் உள்ளதா என்று பார்த்துவிட வேண்டும். செயலியின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேறாக இருப்பது வழக்கம். பதிவு பெறாத செயலிகளைப் பற்றி sachet.rbi.org.in தளத்தில் தெரிவிக்கலாம்.